திரும்பி வரும் பட்சத்தில்

என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி திரும்பி வந்துவிடுவார் என்று என்னிடம் சொல்லாத ஆள் சமயநல்லூரில் கிடையாது. டீக்கடையில் சொன்னார்கள், ரேஷன் கடை வரிசையில் சொன்னார்கள், குறி சொல்கிற அம்மா வெற்றிலையைத் தடவிச் சொன்னாள். "நூத்துக்கு நூறு வந்துருவாரு மதினி, தைரியமா இருங்க" என்றான் அவருடைய சித்தப்பா மகன் ஜெயபாண்டி. இவ்வளவு உறுதியாகச் சொல்கிறானே என்று அவனிடமே போய் ஒரு ஜாமீன் கையெழுத்துக் கேட்டேன். விவரம் கேட்டதும் அவன் முகம் சுண்டிப்போனது. "அண்ணன் வந்துட்டா நான்ல மாட்டிக்கிருவேன்" என்றான்.

அவர் வர மாட்டார் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களிடமும் போனேன். அவர்களும் போடவில்லை. செத்துப்போனான் என்று அடித்துப் பேசுகிறவனுக்குக்கூட, பேனாவைக் கையில் கொடுத்தால் ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சிரிப்பாகவும் இருந்தது.

அவர் மதுரையில் ஒரு அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டுநர். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர். முந்தின வருஷத்துக்கு முந்தின புரட்டாசியில் ஒரு சாயங்காலம், எங்கள் மகள் அஸ்வினியின் காலேஜ் பீஸ் விஷயமாக எனக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை. தனியார் இன்ஜினியரிங் காலேஜில் சீட்டு வாங்கி வைத்திருந்தாள், கட்ட வழியில்லை. செல்போனைச் சார்ஜில் போட்டிருந்தார். அதைக்கூட எடுக்காமல், "வாரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, பிணவறை எல்லாம் தேடிவிட்டுப் போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஆள் காணவில்லை என்று எப்.ஐ.ஆர். போட்டார்கள். அஸ்வினி அந்தச் சீட்டை விட்டுவிட்டு, அடுத்த வருஷம் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு காலேஜில் பி.காம். சேர்ந்தாள். நான் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறேன். அந்தச் சம்பளத்தில் அவளுடைய பஸ்ஸையும் பீஸையும் பார்த்துவிட்டு, மிச்சத்துக்கு வீட்டு நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்த பிறகுதான் அவருடைய அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதியக் கதவு திறந்தது. அந்தப் பைல்களைப் பார்க்கிற மேஜையில் இருந்தவர் ஷாஹீதா மேடம். சின்ன வயது. கடுகடுவென்று இருக்கத் தெரியாதவர். அவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாருன்னு கவர்மெண்டும் சொல்லல, நீங்களும் சொல்லல. காணோம், அம்புட்டுத்தான். அதனால பணம் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பாண்டு வாங்குவாங்க. இண்டெம்னிட்டி பாண்டு. தமிழ்ல ஈட்டுறுதிப் பத்திரம்."

"அதுல என்ன எழுதணும் மேடம்?"

"நாளைக்கே அவரு வந்து நின்னு, எனக்குச் சேர வேண்டியது எங்கன்னு கேட்டா, கவர்மெண்டு ரெண்டு தடவ குடுக்காது. உங்களுக்குக் குடுத்தத அவர் கணக்குல கழிச்சுக்கிருவாங்க. அதுக்கும் மேல நட்டம்னா நீங்க வட்டியோட திருப்பிக் கட்டணும். உங்களால முடியலைன்னா ரெண்டு ஜாமீன்தாரர் கட்டணும். மூணு பேர்ல யார்கிட்ட வேணும்னாலும் முழுசையும் கேக்கலாம். ஆள் போயிட்டா வாரிசுகளக் கேக்கலாம். ஒருத்தர் நிரந்தர அரசு ஊழியரா இருந்தா நல்லது. இன்னொருத்தர் சொத்து இருக்கவரா இருக்கணும்."

மாதிரிப் படிவத்தைக் கையில் கொடுத்தார். வாசித்தேன். மேற்படி தங்கப்பாண்டி என்பவர் பிற்காலத்தில் திரும்பி வரும் பட்சத்தில் என்று ஒரு வரி. இரண்டு வருஷமாக எத்தனையோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் காணவில்லை, கிடைக்கவில்லை, கண்டறிய இயலவில்லை. அவர் திரும்பி வரலாம் என்று எழுதியிருந்த காகிதம் இது ஒன்றுதான். அரசாங்கமே பயப்படுகிறது என்றால் அவர் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். அந்த வரிக்காகவே எனக்கு அந்தப் பத்திரம் பிடித்துப்போனது.

"வந்தார்னா கம்மலக் கழட்டி வித்தாவது கட்டிருவேன் மேடம்" என்றேன். ஷாஹீதா மேடம் குனிந்து எதையோ எழுத ஆரம்பித்துவிட்டார்.

முதல் ஜாமீன்தாரர் உபைதுல்லா பாய். அதே அலுவலகத்தில் இன்னொரு ஜீப் ஓட்டுநர், காஜிமார் தெருக்காரர். ஓய்வு பெற அதிக நாள் இல்லை. இவரும் என் வீட்டுக்காரரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். பழனி அடிவாரத்தில் தாடியோடு ஒருவரைப் பார்த்ததாக ஒரு வதந்தி வந்தபோது, லீவு போட்டுவிட்டுத் தன் காசில் போய், போட்டோவைக் காட்டிக் காட்டி மடம் மடமாகத் தேடியவர் பாய்தான். என் கூடப்பிறந்த அண்ணன் அழகுபாண்டியையும் துணைக்குப் போகக் கூப்பிட்டேன். காட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்ட பாயே கையெழுத்துக்கு மூன்று தடவை இழுத்தடித்தார். நான் கோபப்படவில்லை. வீட்டில் கேட்க வேண்டும் என்றார். அப்புறம் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்துப்போய் யாரிடமோ காட்டி விளக்கம் கேட்டார். கடைசியில் மாவட்ட கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற டைப்பிங் கடைக்கு வந்து, டைப் அடித்து வைத்திருந்த பத்திரத்தை விரலை ஓட்டி முழுசும் வாசித்தார்.

"ஏங்க, இது என் பணிக்கொடையில கை வைக்குமா?" என்று கடைக்கார மருதுவைக் கேட்டார்.

"வைக்கலாம் பாய். அந்த ஆள் வந்து, இந்த அம்மா கட்டலைன்னா."

பாய்க்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. தொப்பியை எடுத்துத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். "அவன் வந்தா என் தலையில துண்டுதான்மா. இருந்தாலும் வரட்டும். இன்ஷா அல்லா, வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போட்டார். கை நடுங்கியதில் 'உ' கோணிக்கொண்டது. மருது, "அடையாள அட்டையில இருக்க மாதிரிப் போடுங்க பாய்" என்று அதட்டினான்.

இன்னொருவர் கிடைக்காமல் ஒரு மாசம் ஓடியது. அண்ணனை நான் கேட்கவே இல்லை. கேட்க மாட்டேன் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் அப்பா யாரோ ஒரு சிநேகிதனுக்குச் சொசைட்டியில் ஜாமீன் போட்டுத்தான் கிணற்றுக்காட்டைத் தொலைத்தார். அதை ஏலத்தில் எடுத்தவன் எங்கள் கண் முன்னாலேயே மோட்டாரை ஓட்டினான். அன்றிலிருந்து அண்ணன் எவனுக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. சொந்த மச்சினன், அவர் மனைவியின் தம்பி, கெஞ்சியும் போடவில்லை, அதனால் வந்த பகை இன்னும் இருக்கிறது. கரண்ட் பில்லின் பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று வாசிக்கிற ஆள் அவர். கஞ்சன் என்று சொல்ல மாட்டேன். சூடு கண்டவர்.

அந்த அண்ணன் தானாகவே வந்தார். வாடிப்பட்டிக்கு அப்பால் சிறுமலை அடிவாரத்தில் அவருக்குக் காடு. அங்கிருந்து காலை பஸ்ஸில், பட்டா நகலும் வீட்டுவரி ரசீதும் மஞ்சப்பையில் வைத்து, ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து நின்றார்.

"ஜாமீனுக்கு ஆள் இல்லையாம்ல. நான் போடுறேன் அன்னம்."

நான் அன்னக்கொடி. அன்னம் என்று கூப்பிடுகிற ஆட்கள் குறைந்துபோன காலம் அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அஸ்வினியையும் கூட்டிக்கொண்டு, மூவரும் கோர்ட்டுக்குப் போனோம்.

மருது பத்திரத்தை நீட்டினான். "வாசிச்சுப் பாத்துக்கங்கண்ணே."

"என்னத்த வாசிக்க. எங்க போடணும்னு காட்டு."

நோட்டரி வக்கீல் கொஞ்சம் கண்டிப்பான மனிதர். தெரியாமல் போட்டேன் என்று பிற்பாடு யாரும் சொல்லக் கூடாது என்று அவரே உரக்க வாசித்தார். மேற்படி நபர் திரும்பி வரும் பட்சத்தில். ஜாமீன்தாரர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும். வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கை பேனாவுக்கு நீண்டுவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் கீழே அழகுபாண்டி, அழகுபாண்டி என்று நிதானமாகப் போட்டார். எழுத்து அச்சுப் போல இருந்தது. சாட்சிகள் போட்டார்கள், வக்கீல் சீல் குத்தினார். அண்ணன் எங்களுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். அன்றைக்கே பத்திரத்தை ஷாஹீதா மேடத்திடம் சேர்த்துவிட்டேன். அதிகாரி ஏற்றுக் கையெழுத்துப் போட்டதும் பணம் வந்துவிடும் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. அஸ்வினி என் தோளில் சாய்ந்திருந்தாள்.

"ஏம்மா, அப்பா வந்துட்டா மாமாவோட காடு போயிருமா?"

"நாம கட்டிருவோம்டி. அதெல்லாம் போகாது."

"இல்லம்மா. பாய் மாமா அன்னைக்கு எம்புட்டுப் பயந்தாருன்னு சொன்னீல. மாமாவுக்கு ஏம்மா பயமே இல்ல?"

"பாசம்டி" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. முருங்கைக்காயை நறுக்கும்போதும் நின்றது. பாயின் கை ஏன் நடுங்கியது? என் வீட்டுக்காரர் வருவார் என்று அவர் நம்பினார், அதனால் நடுங்கியது. ஜெயபாண்டி ஏன் ஓடினான்? வந்துவிடுவாரோ என்று சந்தேகம், அதனால் ஓடினான். இந்தப் பத்திரத்தில் பயப்படுவதற்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. அவர் திரும்பி வருவது. அதற்குப் பயப்படாமல் ஒருவன் காட்டையும் வீட்டையும் எழுதிக் கொடுக்கிறான் என்றால், அதுவும் கரண்ட் பில்லைத் திருப்பிப் பார்க்கிறவன் கொடுக்கிறான் என்றால், அவனுக்கு என்ன தெரியும்?

நான் கத்தியை வைத்துவிட்டேன். பாசம்தான், பாசம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. பழனிக்கு வர மாட்டேன் என்றாரே. முதல் சில வாரம், "மாப்ள வந்துருவாரு" என்று அவரும்தான் சொன்னார், அதற்கப்புறம் ஒரு நாளும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் காணாமல் போன அந்த வருஷம் அறுப்போடு அண்ணன் சோளம் போடுவதையும் நிறுத்திவிட்டார். பன்றித் தொல்லை என்றார். பன்றித் தொல்லை அதற்கு முன்னாலும் இருந்ததே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகப் போனேன். காட்டு வீட்டு வாசலில் மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோட்டாரின் ஏதோ ஒரு பாகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

"அண்ணே, பாய் அவரப் பாத்துட்டாராம். பழனியில."

பொய்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பொய். எந்த மடத்தில், எப்போது, எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்டுவிட வேண்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு சொன்னேன். கேட்டிருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

"பாய்க்கு வயசாயிருச்சு. வேற யாராச்சும் இருக்கும்" என்றார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"பேசுனாராம்ணே. நாளைக்கு ஆபீசுக்கே கூட்டிட்டு வாராராம்."

மதினியின் கை நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது.

"ஒன் பட்டா அங்க பத்திரத்தோட இருக்கு. அவரு வந்தா ஒன் காடு போகும்னு வக்கீல் வாசிச்சாரு. அப்பா ஒரு கையெழுத்துல நம்மளத் தெருவுல விட்டத மறந்துட்டியா? நீ ஏண்ணே பதற மாட்டேங்கிற?"

அவர் துணியைக் கீழே போட்டார். "எதுக்கு அன்னம் என்னையப் போட்டு இப்பிடிப் பண்ற" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

"அவரு எங்க?"

"வேணாம் தாயி."

"எங்கண்ணே?"

அப்புறம் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சோளம் பால் பிடிக்கிற சமயம், காட்டுப்பன்றிகள் பாதிக் காட்டை அழித்துவிட்டன. சுற்றுவட்டாரத்தில் இரண்டு மூன்று பேர் செய்கிறார்களே என்று இவரும் திருட்டுத்தனமாக மின்கம்பி இழுத்துவிட்டிருக்கிறார். இருட்டினதும் சுவிட்சைப் போட்டுவிடுவது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, சுற்றிப் போகாமல், சோளத்துக்கு ஊடே குறுக்கு வழியில் வந்திருக்கிறார். சத்தம் கேட்டுப் பன்றி விழுந்துவிட்டது என்று நினைத்து, அண்ணன் சந்தோஷமாக டார்ச்சை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"பீஸ்கட்டையப் புடுங்கிட்டு ஓடிப் பாத்தேன். மூச்சு இல்ல அன்னம். சத்தியமா இல்ல. நெஞ்சத் தேச்சேன். இல்ல."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கலயா?"

"பயந்துட்டேன். ஜெயில்ல போட்டுருவாங்கன்னு பயந்துட்டேன்."

"எங்கிட்ட வந்து சொல்லலயா?"

"பாக்கெட்ல பேப்பர் இருந்துச்சு" என்றார். "பேங்குப் பேப்பர். அஸ்வினி படிப்புக் கடனுக்கு. ஜாமீன்தாரர்னு போட்டு, என் பேர அவரே எழுதி வச்சிருந்தாரு. எங்கிட்டக் கேக்கத்தேன் வந்திருக்காரு, ஒனக்குத் தெரியாம. அன்னைக்குக் கேட்டிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன் அன்னம், ரெண்டு வார்த்த திட்டி அனுப்பியிருப்பேன். அதேன் இந்தத் தடவ நீ கேக்காமலே வந்து போட்டேன்."

நான் சண்டை போட்டு அனுப்பிய மனிதர் கோபித்துக்கொண்டு போகவில்லை. மகளுக்காக, யாருக்கும் கையெழுத்துப் போடாத ஆளிடம், கையெழுத்துக் கேட்கப் போயிருக்கிறார். இரண்டு வருஷமாக நான் அவரை மனசுக்குள் எவ்வளவு ஏசியிருக்கிறேன்.

"எங்க வச்சிருக்க?"

வடக்கு வரப்பைக் கை காட்டினார். அங்கே முருங்கைகள் நின்றன. பஸ்ஸில் பை நிறையக் கொடுத்துவிடுவார்களே, அந்த முருங்கை. நான் வாசலிலேயே குனிந்து வாந்தி எடுத்தேன்.

மதினி ஓடிவந்து என் தலையைப் பிடித்தார். தண்ணீர் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே பேசினார். "போனவரு போயிட்டாரு அன்னம். நீ வெளிய சொன்னாலும் திரும்பி வரப்போறதில்ல. சொல்லாட்டி பணம் வரும், பத்திரந்தேன் ஆயிருச்சுல. சொன்னா எல்லாம் நின்னு போகும். அஸ்வினிக்கு நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா தாய்மாமன் ஜெயில்ல இருக்கான்னு சொல்லுவியா?"

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதிகாரி ஒரு கையெழுத்துப் போட்டால் மாசா மாசம் பணம். யாரும் ஜெயிலுக்குப் போக வேண்டாம், எனக்குப் பிறந்த வீடும் இருக்கும். அவர் திரும்பி வரவே மாட்டார் என்பதால் அந்தப் பத்திரத்தால் யாருக்கும் ஒரு கேடும் வராது. நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"ரெண்டு வருசமா வீட்டுக் கதவுக்குத் தாப்பா போட்டதில்ல மதினி" என்றேன். "வந்து தட்டுனா தூங்கிருவேனோன்னு. நீங்க வந்து தங்குனப்ப, திருடன் வந்துருவான், தாப்பாளப் போடுன்னு சொன்னீங்க. நீங்கதான் சொன்னீங்க."

மதினி கையை எடுத்துவிட்டார்.

அண்ணனிடம் திரும்பினேன். "நாளைக்குக் காலையில நீயா ஸ்டேஷனுக்குப் போயிரு. இல்லைன்னா நான் போறேன்."

"நான் ஒன் அண்ணன்டி."

"அதுக்குத்தேன் நாளைக்கு வரைக்கும் விட்டுட்டுப் போறேன்."

அவர் போகவில்லை. ஓடவும் இல்லை. அஸ்வினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "வாம்மா, போவோம்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் போய் எழுதிக் கொடுத்தோம். போலீஸ் ஜீப் போனபோது அண்ணன் அதே கட்டிலில் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாராம்.

தாசில்தார் வந்தார், ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்தார். முருங்கையை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தோண்டினார்கள். எங்களைத் தூரத்தில் நிற்கச் சொன்னார்கள். பெல்ட் பக்கிளையும் வெள்ளி அரைஞாணையும் ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார்கள். அரைஞாணில் நான் ஊக்குப் போட்டுச் சரிசெய்திருந்த இடம் அப்படியே இருந்தது. மரபணுச் சோதனைக்கு அஸ்வினியிடம் ரத்தம் எடுத்தார்கள். அவள் கையை நீட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்துக்கு விஷயம் எனக்கு முன்னால் போய்விட்டது. போனதும் ஷாஹீதா மேடம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

"காணாமப் போனவருக்குப் போட்ட பைல் இனி செல்லாதுக்கா. சோதனை ரிசல்ட் வரணும், இறப்புச் சான்றிதழ் வாங்கணும், வாரிசுச் சான்றிதழ் வாங்கணும். புதுசா அனுப்பணும். பணம் கண்டிப்பா வரும். ஆனா நாளாகும்."

"இந்தப் பத்திரம்?"

"இறந்துட்டாருன்னு உறுதியாயிட்டா பாண்டு தேவையில்ல. ஐயா இன்னும் ஏத்துக் கையெழுத்துப் போடல. பைல்ல குறிப்பு எழுதி, திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாரு."

பத்திரத்தை என்னிடம் கொடுத்தார். நான் முதலில் அந்த வரியைத்தான் தேடினேன். மேற்படி தங்கப்பாண்டி என்பவர் பிற்காலத்தில் திரும்பி வரும் பட்சத்தில். அவர் திரும்பி வரலாம் என்று எழுதியிருந்த ஒரே காகிதம், இப்போது யாருக்கும் வேண்டாத காகிதமாக என் கையில் இருந்தது. அதுவரைக்கும் அழாமல் இருந்தவள் அந்த ஹாலில் எல்லாரும் பார்க்க வாய்விட்டு அழுதேன்.

படிக்கட்டுக்குக் கீழே ஜீப் ஓரமாக உபைதுல்லா பாய் நின்றுகொண்டிருந்தார். மேலே வரவில்லை. பத்திரத்தை அவரிடம் நீட்டினேன்.

"பாய், இனிமே ஒங்களுக்குப் பயமில்ல. ஒங்க பணிக்கொடையில யாரும் கை வைக்க மாட்டாங்க. கிழிச்சுப் போட்ருங்க."

அவர் வாங்கிக்கொண்டார். கோணிக்கொண்டு போன அந்த 'உ'வைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே அச்சுப் போலிருந்த அண்ணனின் கையெழுத்தையும் பார்த்தார். கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"வந்திருந்தா கட்டியிருப்பேன்மா" என்றார். "அல்லா மேல ஆணையா, சந்தோசமாக் கட்டியிருப்பேன்."